நெட் சேல்ஸ் போன மாதம் 100 ரூபாய் இடித்தது, இந்த மாதம் 5,700 இடிக்கிறது. கோளாறு ரிட்டர்னிலா, எக்ஸ்சேஞ்சிலா?

நாற்காலிக்காரன் · வியாழன் காலை 10:12

கோவையில் ஆபீஸ் நாற்காலி விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடைக்கு மாதாமாதம் விற்பனைக் கணக்கு எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டே மாடல்தான். சாதா நாற்காலி 8,000, தலை சாய்க்கிற நாற்காலி 9,500. இங்கே நான் சொல்லும் எல்லாத் தொகையும் ஜிஎஸ்டிக்கு முந்தையது.

கடையின் விதி இது. பிரித்துப் பார்த்த நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தால் 10% ரீஸ்டாக்கிங் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதி 7,200 ரீஃபண்ட். நிறம் மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கட்டணம் கிடையாது. சாதாவைக் கொடுத்துவிட்டுத் தலை சாய்க்கிற மாடலை வாங்கினால் விலை வித்தியாசம் 1,500, கட்டணம் 800, ஆக 2,300-ஐ பேமென்ட் லிங்க் அனுப்பி வாங்குவோம்.

என் கணக்கு நேரானது. மாதத்தின் ஆர்டர் மொத்தத்தில் கேட்வே காட்டும் ரீஃபண்டைக் கழிப்பேன். எக்ஸ்சேஞ்சாகப் போகும் நாற்காலிக்கு ஜீரோ ரூபாய் ஆர்டர் போடுவதால் அது என் மொத்தத்தில் வராது.

செப்டம்பரில் 50 சாதா நாற்காலி விற்றது. 2 ரிட்டர்ன், 3 நிற மாற்றம், 1 மாடல் மாற்றம். எனக்கு வந்தது 3,85,600. கடை மென்பொருளின் ரிப்போர்ட் 3,85,500 என்றது. 100 ரூபாய்தானே, எங்கோ ரவுண்டிங் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் தீபாவளி. 120 சாதா நாற்காலி. 9 ரிட்டர்ன், 4 நிற மாற்றம், 1 மாடல் மாற்றம். எனக்கு 8,95,200, ரிப்போர்ட்டில் 8,89,500. 5,700-ஐ ரவுண்டிங் என்று சொன்னால் முதலாளி என்னை ரவுண்டு கட்டிவிடுவார். எது சரி?

---

குர்த்தி வள்ளி · 10:40

தம்பி, எங்களுக்கும் இதே தலைவலிதான். கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்புகிறோம், ஆள் வீட்டில் இல்லை என்று கூரியர்காரர் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார். இப்படி டெலிவரி ஆகாமல் திரும்பும் ஆர்டிஓ எல்லாவற்றையும் ரிட்டர்னில் போட்டால் மாத நெட் சேல்ஸ் பாதியாகத் தெரிகிறது. உங்கள் 5,700-உம் கூரியர் திருப்பியதாகத்தான் இருக்கும். டெலிவரி ஸ்டேட்டஸைப் பாருங்கள்.

---

நாற்காலிக்காரன் · 10:52

இல்லை அக்கா, எங்களிடம் கேஷ் ஆன் டெலிவரியே கிடையாது. 120-உம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை. திரும்பி வந்ததெல்லாம் வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்பியது.

---

பில்புக் பெருமாள் · 11:15

இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. ரீஸ்டாக்கிங் கட்டணம் நெட் சேல்ஸில் சேராது, அது இதர வருமானம். நீங்கள் 8,000-க்குப் பதில் 7,200 மட்டும் கழிக்கிறீர்கள். ஆகவே கட்டணம் உங்கள் விற்பனைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன், பிடித்த காசை விற்பனை என்று எழுதியதே இல்லை.

---

நாற்காலிக்காரன் · 11:31

நானும் அப்படித்தான் நினைத்தேன் சார். ஆனால் 9 ரிட்டர்னுக்கு 800 வீதம் 7,200 அல்லவா ஒளிந்திருக்க வேண்டும்? இடிப்பது 5,700. செப்டம்பரில் 2 ரிட்டர்ன், 1,600 இடித்திருக்க வேண்டும். 100தான் இடித்தது.

---

பில்புக் பெருமாள் · 11:38

ஜிஎஸ்டியில் ஏதாவது இருக்கும், பாருங்கள்.

---

லெட்ஜர் லட்சுமி · 12:20

ஜிஎஸ்டி இல்லை. பெருமாள் சார் பிடித்தது பாதி. மீதிப் பாதி அந்த மாடல் மாற்றத்தில் இருக்கிறது.

செப்டம்பரையே எடுங்கள், சின்ன எண் என்பதால் கண்ணில் படும். மாதக் கடைசியில் வாடிக்கையாளர் வீடுகளில் உண்மையில் என்ன இருக்கிறது? 50-இல் 2 திரும்பி வந்துவிட்டது, 48 இருக்கிறது. அதில் 47 சாதா, 1 தலை சாய்க்கிறது. 47 × 8,000 = 3,76,000. அதோடு 9,500. மொத்தம் 3,85,500. ரிப்போர்ட் சொல்வது இதைத்தான்.

உங்கள் கணக்கில் இரண்டு தவறு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். இரண்டு ரிட்டர்னிலும் 7,200 மட்டும் கழித்ததால் 1,600 கூடிப் போனது. மாடல் மாற்றத்தில் கூடுதலாக விற்ற 1,500 ஜீரோ ரூபாய் ஆர்டரோடு காணாமல் போனது. 1,600-இல் 1,500 போக 100. அதிர்ஷ்டவசமாக, அல்லது துரதிர்ஷ்டவசமாக, ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

அக்டோபரில் ரிட்டர்ன் 9 ஆனது, மாடல் மாற்றம் ஒன்றாகவே நின்றது. 7,200-இல் 1,500 போனால் 5,700.

சரியா என்று காசை வைத்துப் பார்க்கலாம். அக்டோபரில் கைக்கு வந்தது 9,60,000, திருப்பிக் கொடுத்தது 64,800, லிங்க்கில் வாங்கியது 2,300. கையில் நிற்பது 8,97,500. ரிப்போர்ட்டின் 8,89,500-உடன் 10 கட்டணம், அதாவது 8,000 சேர்த்தால் அதே 8,97,500. உங்கள் 8,95,200 கையில் இருக்கும் காசோடும் சேரவில்லை, வீட்டில் இருக்கும் நாற்காலியோடும் சேரவில்லை.

---

நாற்காலிக்காரன் · 12:41

அடடா. 100 ரூபாய் வந்தபோதே தோண்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் ரிப்போர்ட்தான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏனென்றால் அதிலும் ஒன்று உறுத்துகிறது. கிராஸ் சேல்ஸ் 10,01,500, ரிட்டர்ன்ஸ் 1,12,000 என்று காட்டுகிறது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு “நூற்றுக்குப் பதினொன்று திரும்பி வருகிறதா, தயாரிப்பாளரைக் கூப்பிடு” என்கிறார். நாம் விற்றதே 9,60,000தானே?

---

குவெரி குமரன் · 13:05

அது உங்கள் மென்பொருள் எக்ஸ்சேஞ்சை எழுதுகிற விதம். நிற மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு ரிட்டர்ன், ஒரு புது விற்பனை என்று இரண்டாகப் பிரித்துப் போடுகிறது. 4 நிற மாற்றத்துக்கு 32,000, மாடல் மாற்றத்துக்கு 9,500, ஆக 41,500 கிராஸில் ஏறும். ரிட்டர்ன்ஸில் 14 × 8,000 = 1,12,000. இரண்டு பக்கமும் ஊதுவதால் நெட் மாறாது. ஆனால் கிராஸை வைத்தோ ரிட்டர்ன்ஸை வைத்தோ எதைக் கணக்கிட்டாலும் அது வீங்கித்தான் வரும்.

உண்மையில் காசு திரும்பிப் போனது 120-இல் 9 நாற்காலிக்கு, அதாவது 7.5%. ரிப்போர்ட்டிலிருந்து வருவது 11.2%.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் விற்பனைப் பிரிவுக்கு இன்சென்டிவ் கிராஸ் மேல். யாராவது ரிட்டர்ன் கேட்டால் போதும், கெஞ்சிக் கூத்தாடி எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடுவார்கள். அதே நாற்காலிக்கு இரண்டு முறை இன்சென்டிவ்!

---

பில்புக் பெருமாள் · 13:22

ஒரே நாற்காலி, கறுப்புக்குப் பதில் சாம்பல் கொடுத்தால் அது எப்படி விற்பனை ஆகும்? எங்கள் கடையில் பழைய பில்லிலேயே நிறத்தை அடித்துத் திருத்திக் கொடுத்துவிடுவோம். கணக்கே வராது.

---

லெட்ஜர் லட்சுமி · 13:50

இந்த விஷயத்தில் பெருமாள் சார் சொல்வதுதான் தரநிலையிலும் இருக்கிறது. வருவாய்க்கான இந்தியக் கணக்குத் தரநிலையான இந்த் ஏஎஸ் 115-இன் பின்னிணைப்பில் பத்தி B26. அதே வகை, அதே தரம், அதே நிலை, அதே விலை உள்ள பொருளுக்கு, உதாரணமாக வேறு நிறம் அல்லது வேறு சைஸுக்கு, மாற்றிக்கொண்டால் அது ரிட்டர்னாகக் கருதப்படாது. உடைந்து வந்ததற்கு நல்லது கொடுத்தால் அது அடுத்த பத்தி, வாரன்டி கணக்கில் போகும். அதையும் நிற மாற்றத்தோடு கலக்காதீர்கள்.

ஆக உங்கள் 4 நிற மாற்றமும் ரிட்டர்னும் இல்லை, விற்பனையும் இல்லை. மாடல் மாற்றம் வேறு கதை. விலை மாறிவிட்டதால் அது ஒரு ரிட்டர்ன், ஒரு புது விற்பனைதான். இப்படிப் பிரித்தால் அக்டோபருக்கு கிராஸ் 9,69,500, ரிட்டர்ன்ஸ் 80,000, நெட் அதே 8,89,500. முதலாளிக்குக் காட்ட வேண்டியது இந்த வரிசை.

ஒரு விஷயம், சின்னக் கம்பெனிகள் பலவும் இந்த் ஏஎஸ்-க்குள் வராது, பழைய ஏஎஸ் 9-இல்தான் இருக்கும். அங்கே இவ்வளவு விரிவாக எழுதியிருக்காது. ஆனாலும் தர்க்கம் இதுதான்.

---

பில்புக் பெருமாள் · 14:02

பார்த்தீர்களா? கட்டணம் பற்றியும் அந்தத் தரநிலை நான் சொன்னதைத்தான் சொல்லும்.

---

லெட்ஜர் லட்சுமி · 14:30

அங்கேதான் சார் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வருவாய்த் தரநிலையை அமல்படுத்துவதில் எழுந்த கேள்விகளைப் பேச அமெரிக்கத் தரநிலை வாரியமும் சர்வதேச வாரியமும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. 2015 ஜூலையில் அந்தக் குழு ரீஸ்டாக்கிங் கட்டணத்தையே எடுத்துப் பேசியது. திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிற பொருளுக்கான கட்டணம், விற்பனையின் பரிவர்த்தனை விலைக்குள்ளேயே சேரும் என்பதுதான் அங்கே வந்த பொதுக் கருத்து. காரணம் எளிது. 8,000-க்கு விற்றபோதே “திருப்பினாலும் 800 என்னுடையது” என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. தனியாக நீங்கள் ஒரு சேவையும் செய்யவில்லை.

அதன்படி பார்த்தால் கணக்குப் புத்தகத்தில் வருவாய் 8,97,500 என்று காட்டலாம், அதாவது கட்டணத்தையும் சேர்த்து. கடை மென்பொருளின் “நெட் சேல்ஸ்” என்பது வேறு சங்கதி, அது பொருள் விற்பனையை மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வரும் சண்டை இது.

---

பில்புக் பெருமாள் · 14:41

குழு என்ன சொன்னாலும், திருப்பி வந்த நாற்காலியைத் துடைத்து, ஸ்க்ரூ எண்ணி, புதுப் பெட்டி போடுவதற்கு வாங்குகிற காசு விற்பனை ஆகாது. என் புத்தகத்தில் இதர வருமானம்தான்.

---

லெட்ஜர் லட்சுமி · 14:55

பெட்டிச் செலவு செலவுப் பக்கம் வரட்டும் சார். ஆனால் எதைச் செய்தாலும் ஒரே மாதிரி செய்யுங்கள், ஒரு மாதம் உள்ளே, ஒரு மாதம் வெளியே வேண்டாம்.

---

குவெரி குமரன் · 15:10

நாற்காலிக்காரன், நடைமுறைக்கு வருவோம். ரீஃபண்டைக் கொண்டு ரிட்டர்னைக் கணக்கிடுவதை நிறுத்துங்கள். ரீஃபண்ட் என்பது காசு நகர்ந்தது. ரிட்டர்ன் என்பது பொருள் நகர்ந்தது. கட்டணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பொருள் திரும்பியதை முழு 8,000-க்கு ஒரு வரியாகவும், பிடித்த 800-ஐத் தனி வரியாகவும் எழுத வேண்டும்.

ஷாப்பிஃபை பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. ரிட்டர்ன் போடும்போதே ரீஸ்டாக்கிங் கட்டணத்தைக் கொடுக்க இடம் இருக்கிறது, அப்படிக் கொடுத்தால் தனியாக வரும். அதை விட்டுவிட்டு ரீஃபண்ட் தொகையைக் கையால் 8,000-லிருந்து 7,200 என்று குறைத்தால், ஏபிஐ-யில் அந்த 800 `order_adjustments` உள்ளே `refund_discrepancy` என்ற பெயரில் வந்து உட்காரும். ஆறு மாதம் கழித்து அதைப் பார்ப்பவருக்கு அது கட்டணமா, தள்ளுபடியா, தட்டச்சுப் பிழையா என்று தெரியாது.

உங்களிடம் இருக்கும் டேபிளை நான் பார்க்கவில்லை. நான் செய்வதாக இருந்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி வைத்து, இப்படி எடுப்பேன். திரும்பி வரும் பொருளுக்கும் திருப்பிக் கொடுக்கும் காசுக்கும் மைனஸ் குறி.

```sql
SELECT date_trunc('month', happened_at) AS m,
  SUM(amount) FILTER (WHERE kind IN
    ('sale','return','exch_in','exch_out')) AS net_sales,
  SUM(amount) FILTER (WHERE kind = 'fee')   AS fees,
  SUM(amount) FILTER (WHERE kind = 'cash')  AS cash
FROM order_events
GROUP BY 1;
```

மாதாமாதம் `net_sales + fees` என்பதை `cash`-உடன் ஒப்பிடுங்கள். இடித்தால் எவ்வளவு இடிக்கிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும். 800-இன் மடங்காக இருந்தால் கட்டண வரி விட்டுப்போயிருக்கிறது. 1,500 என்றால் மாடல் மாற்றம். 100 என்றால்... உங்களுக்கே தெரியும்.

---

குர்த்தி வள்ளி · 15:35

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இதைப் படித்தபின் என் ஆர்டிஓ பற்றியே சந்தேகம் வருகிறது. அதை ரிட்டர்னில் போடுவது தவறா?

---

லெட்ஜர் லட்சுமி · 15:48

வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரவே இல்லை, காசும் வரவில்லை. அது நடக்காத விற்பனை வள்ளி. ரிட்டர்னில் போட்டால் குர்த்தி பிடிக்காமல் திருப்பியவர்களும் கதவைத் திறக்காதவர்களும் ஒரே எண்ணில் கலந்துவிடுவார்கள். கேன்சல் என்று தனியாக வையுங்கள். பில் ஏற்கெனவே போட்டு அனுப்பியிருப்பதால் வரிக்கு கிரெடிட் நோட் போட வேண்டும், அது மாறாது.

---

குர்த்தி வள்ளி · 16:04

நன்றி அக்கா. இன்னொன்று. நாங்களும் திருப்பினால் 100 ரூபாய் பிடிக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த 100-க்கு ஜிஎஸ்டி எவ்வளவு? குர்த்திக்கு 5%.

---

லெட்ஜர் லட்சுமி · 16:30

இதற்கு ஒரே பதில் கிடைக்காது. எங்கள் ஆபீஸில் முழு விலைக்குக் கிரெடிட் நோட் போட்டுவிட்டு, கட்டணத்துக்குத் தனி பில் போட்டு 18% கட்டச் சொல்கிறோம். வேறு சிலர் பிடித்தது போக மீதிக்கு மட்டும் கிரெடிட் நோட் போடுகிறார்கள். அப்போது அந்த 100 தானாகவே 5%-இல் நின்றுவிடும். நாற்காலிக்காரனுக்கு இந்தக் கவலையே இல்லை, நாற்காலிக்கும் 18%.

---

குவெரி குமரன் · 16:44

2022 ஆகஸ்டில் வந்த 178-ஆம் சுற்றறிக்கையில், டிக்கெட் ரத்துக் கட்டணத்துக்கு அந்த டிக்கெட்டின் வரி விகிதமே பொருந்தும் என்று இருக்கிறதே? அதே வாதத்தை இங்கேயும் வைத்தால் 5%தானே?

---

லெட்ஜர் லட்சுமி · 16:52

அந்த வாதம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ரயில், விமானம் மாதிரியான சேவையை ரத்து செய்வது பற்றி. பொருள் கைக்குப் போய் திரும்பி வருவதற்கு அது அப்படியே ஒட்டுமா என்று எனக்கு உறுதியில்லாததால்தான் 18%. வள்ளி, உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

நாற்காலிக்காரன் · வெள்ளி காலை 11:20

நேற்று இரவு உட்கார்ந்து பழைய சீட்டுகளை எல்லாம் ஒவ்வொரு வரியாக ஏற்றினேன். செப்டம்பர் பைசா சுத்தமாகச் சேர்ந்துவிட்டது. 3,85,500-உம் கட்டணம் 2,400-உம் சேர்ந்தால் 3,87,900, காசும் அதே.

அக்டோபர் சேரவில்லை! நெட் 8,81,500, கட்டணம் 8,000, கூட்டினால் 8,89,500. காசு 8,97,500. சரியாக 8,000 குறைகிறது. கட்டண வரி பத்தும் இருக்கிறது, இருமுறை எண்ணிவிட்டேன்.

---

குவெரி குமரன் · 11:34

8,000 என்பது பத்துக் கட்டணமாகவும் இருக்கலாம், ஒரு முழு நாற்காலியாகவும் இருக்கலாம். கட்டணம் சரியென்றால் நாற்காலிதான். `exch_in` இருந்து `exch_out` இல்லாத ஆர்டர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

---

நாற்காலிக்காரன் · 11:58

இருக்கிறது. பச்சை நாற்காலி. அக்டோபர் 30-இல் கறுப்பு நாற்காலி திரும்பி வந்துவிட்டது, பச்சை ஸ்டாக் இல்லை. நவம்பர் 4-இல்தான் அனுப்பியிருக்கிறார்கள். கடை ரிப்போர்ட் எக்ஸ்சேஞ்ச் பதிந்த நாளிலேயே இரண்டையும் எழுதிவிட்டதால் அங்கே தெரியவில்லை. என் கணக்கில் அக்டோபரில் 8,000 இறங்கி, நவம்பரில் 8,000 ஏறுகிறது.

இதில் எது சரி? அக்டோபர் அறிக்கையை இன்று மாலை அனுப்ப வேண்டும்.

---

லெட்ஜர் லட்சுமி · 12:15

B26 வழியில் போனால் நிற மாற்றம் ரிட்டர்னே இல்லை, ஆகவே அக்டோபர் விற்பனையைத் தொடவேண்டாம், 8,89,500. நான் அதைத்தான் எடுப்பேன்.

---

குவெரி குமரன் · 12:27

எனக்கு அதில் ஒரு நெருடல். அக்டோபர் 31 இரவு அந்த வாடிக்கையாளர் வீட்டில் நாற்காலியே இல்லை, அவருடைய 8,000 நம்மிடம் இருக்கிறது. பச்சை வராமலே போய், “சரி, காசைக் கொடுங்கள்” என்று கேட்டிருந்தால்? அன்றைய நிலையில் அது விற்பனை இல்லை, கடன்.

---

லெட்ஜர் லட்சுமி · 12:40

கேட்டிருந்தால் என்பது சரி, ஆனால் கேட்கவில்லை. அறிக்கை போகும் முன்பே பச்சை நாற்காலி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். பத்து நாள், இருபது நாள் ஸ்டாக் வராமல் தொங்கினால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

---

பில்புக் பெருமாள் · 12:51

ஸ்டாக் இல்லாத நிறத்தை எதற்கு இணையத்தில் காட்டுகிறீர்கள்?

---

நாற்காலிக்காரன் · 13:10

அதை நானும் கேட்டேன் சார், போட்டோ நன்றாக வந்திருக்கிறதாம்.

8,89,500 என்று அனுப்புகிறேன். கீழே ஒரு வரி போடுகிறேன்: “மாத முடிவில் 1 நிற மாற்றம் நிலுவை, 8,000, நவம்பர் 4-இல் அனுப்பப்பட்டது.” கட்டணம் 8,000-ஐத் தனி வரியில் காட்டுகிறேன். இரண்டு 8,000-உம் ஒன்றா என்று கேட்டு முதலாளி கூப்பிடப் போகிறார், அதற்கு மட்டும் தயாராக இருக்கிறேன்.